நடுவில் கேட்பவருக்கான வரி

காய்கறி வண்டிகளுக்கு விளம்பரம் எழுதி, குரல் கொடுத்துப் பதிவு செய்து தருவது என் வேலை. எழுத உட்காரும்போது ஒன்றை மட்டும் மறப்பதில்லை: அறிவிப்பை முதலிலிருந்து கேட்பவர் யாருமில்லை. அடுப்படியில் இருப்பவர் காதில் அது நடுவில்தான் விழும்.

நடை வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நகரும். ஒரு வீட்டுக்குச் சொல் தெளிவாகக் கேட்கும் தெருநீளம் மொத்தம் 60 மீட்டர் என்று வைத்தால், முக்கால் நிமிடத்தில் வண்டி கடந்துவிடும். அதற்குள் மூன்று முறை கேட்டால்தான் மனத்தில் ஒட்டும். ஆகவே இடைவெளியோடு சேர்த்துப் பதினைந்து நொடிக்குள் ஒரு சுற்று முடிய வேண்டும். ‘அன்பார்ந்த தாய்மார்களே’ என்று தொடங்கினால் காயின் பெயர் வருவதற்குள் வண்டி அடுத்த தெருவில் இருக்கும்.

நான் எழுதிக் கொடுத்த ஒன்று இது:

வண்டி வந்தாச்சு, காய்வண்டி வந்தாச்சு!
முருங்கை இருக்கு, முள்ளங்கி இருக்கு,
கத்திரி இருக்கு, கொத்தமல்லி இருக்கு,
வாங்கம்மா வாசலுக்கு, வந்து நிக்குது வண்டி!

முடிகிற சொல்லே அடுத்த சுற்றைத் தொடங்குவதால் இது அந்தாதி. எங்கே காதில் விழுந்தாலும் அங்கிருந்தே பிடித்துக்கொள்ளலாம். முருங்கைக்கு முள்ளங்கி மோனை. கத்திரிக்குக் கொத்தமல்லி எதுகை. ஒன்றைச் சொன்னதும் மற்றது தானாக நாக்கில் வரும். வண்டியில் இருபது காய் இருந்தாலும் நான்குதான் சொல்வேன். மீதியை வண்டியருகே வந்தவர் கண்ணே பார்த்துக்கொள்ளும்.

சுற்றின் முடிவில் நான்கு நொடி மௌனம் விடுவேன். மாடியிலிருந்து “அண்ணே, நில்லுங்க!” என்று கூப்பிடும் குரல் ஓட்டுநருக்குக் கேட்பது அந்த இடைவெளியில்தான். விலையைப் பதிவில் சேர்ப்பதில்லை. அது நாளுக்கு நாள் மாறும்; நேற்றைய விலை ஒலித்தால் தெருவில் தகராறுதான். அதை வியாபாரி மைக்கில் தானே சொல்லட்டும்.

கூம்பு ஸ்பீக்கர் குரலின் கனத்தைக் குறைத்துவிடும்; சத்தத்தை முழுக்கக் கூட்டினால் மெய்யெழுத்துகளும் கரகரப்பில் கரையும். அதனால் பதிவை ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு செய்யமாட்டேன். வண்டியிலேயே போடச் சொல்லி, தெருமுனையில் நின்று கேட்பேன். வருபவர்கள் “என்னப்பா வச்சிருக்க?” என்று கேட்டால் காய்ப்பெயர்கள் காதில் சேரவில்லை. “கொத்தமல்லி கட்டு என்ன விலை?” என்று கேட்டால் சேர்ந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து அந்தத் தெருப் பிள்ளைகள் என்ன சொல்லி விளையாடுகிறார்கள் என்று வியாபாரியிடம் விசாரிப்பேன். அவர்கள் வாயில் நிற்கும் வரியைத் தொடமாட்டேன். அவர்கள் விட்டுவிட்ட வரியை மட்டும் மாற்றி எழுதி, மறுபடி பதிவு செய்து தருவேன்.