14-ல் 11

பௌர்ணமிக்கு முன்னாடி லாட்ஜ் புக்கிங் தளத்தை முடிச்சுத் தர்றதா சொல்லியிருந்தேன். முடியல. மன்னிப்பு மெசேஜோடு ட்ரெல்லோ போர்டு ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பினேன்: 14 கார்டில் 11, Done பத்தியில். ஓனர் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "கிரிவலத்துக்கு வர்றவங்க ரூம் போட முடியுமா தம்பி?"

முடியாது. மிச்சமிருந்த மூன்றில் ஒன்று, பணம் கட்டும் பக்கம். லோகோ மாத்தினதும் ஒரு கார்டு, இதுவும் ஒரு கார்டு. போர்டு எண்ணும், எடை போடாது.

திரும்ப எழுதினேன்: "அண்ணா, தப்பு என்னுது. பேமென்ட் டெஸ்ட் மோடில்தான் ஓடுது. நிஜப் பணம் வாங்க கேஒய்சி முடியணும். உங்க ஆவணங்களை நான் லேட்டா கேட்டேன். அனுமதி வரும் நாள் என் கையில் இல்ல. இந்தப் பௌர்ணமிக்கு மட்டும் தளத்துல உங்க போன் நம்பரைப் போட்டுடவா?" கூடவே Doing பத்தியை மட்டும் வெட்டி அனுப்பினேன்.

"போடு" என்று பதில் வந்தது.