பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது



ஒன்லைனில் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்தான் இந்தப் பதிவு. முடிவுத் திகதிக்கு முன் ஒருதடவை வாசித்துக்கொள்ளுங்கள்.

சென்ற தவணையில் எங்கள் உயர்தர மாணவி ஒருவரின் விண்ணப்பத்தை நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து சரிபார்த்தோம். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் இணைக்கப்பட்டிருப்பதாகத் தளம் காட்டியது. அதைத் திறந்தால் வெறும் பக்கம். இறக்கிப் பார்த்தால் அளவு 0 B. விண்ணப்பம் முடிய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

இது எப்படி நடக்கிறது? சில தளங்கள் பைலின் பெயரை முதலில் பதிந்துகொள்கின்றன. உள்ளே இருப்பது பிறகுதான் போய்ச் சேருகிறது. நடுவில் சிக்னல் அறுந்தால் பெயர் மட்டும் மிஞ்சும். ஆகவே பெயரைப் பார்த்துத் திருப்திப்படாமல், அனுப்பிய பைலைத் திறந்து பாருங்கள்.

போனில் சிக்னல் கோடுகள் இருந்ததே என்று பிள்ளை கேட்டார். டவர் அனுப்புவது போனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டும். போன் அனுப்பும் அலை டவருடையதை விட மிகவும் பலம் குறைந்தது. அதனால் வீடியோ ஓடும், படம் மட்டும் ஏறாது. அவர் அனுப்பிய படம் 4 MB. நொடிக்கு 200 கிலோபிட் வேகத்தில் அது ஏற ஏறக்குறைய மூன்று நிமிடம் வேண்டும். அதற்கிடையில் அவர் வட்ஸ்அப் பார்க்கப் போயிருக்கிறார். வேறு செயலிக்குப் போனாலோ திரை அணைந்தாலோ பதிவேற்றம் நின்றுவிடலாம்.

முதலில் படத்தைச் சிறிதாக்கினோம். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வீட்டார் ஒருவருக்கு அனுப்பி, அங்கே இறங்கியதைத் திரும்ப எடுத்தால் அளவு நன்றாகக் குறையும். எங்களுக்கு 400 KB வந்தது. அதே வேகத்தில் 16 நொடி போதும். பெரிதாக்கிப் பார்த்து, முத்திரையும் கையொப்பமும் தெளிவாக இருப்பதை உறுதிசெய்தோம். பிறகு தகரக் கூரைக்குக் கீழிருந்து வெளியே திறந்த இடத்துக்கு வந்து, போனை பிளைட் மோடில் பத்து நொடி வைத்து எடுத்தோம். திரையை அணைய விடாமல் ஏற்றினோம்.

அதற்குப் பிறகும் பழைய வெறும் பக்கமே தெரிந்தது! இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய்த் திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்கள். பிரவுசர் தான் சேமித்து வைத்திருந்த பழைய பக்கத்தைக் காட்டியிருக்கலாம். குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு New Incognito tab திறந்து, மீண்டும் உள்நுழைந்தோம். சான்றிதழ் முழுதாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அங்கும் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் கோளாறு பிரவுசர் சேமித்த பழைய பக்கத்தில் இல்லை, பைல் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அப்போது மட்டும் திரும்ப ஏற்றுங்கள். சில தளங்களில் "சமர்ப்பி" கொடுத்த பிறகு பைலை மாற்ற விடமாட்டார்கள். ஆகவே திறந்து பார்ப்பதை அதற்கு முன்பே செய்துவிடுங்கள்.