நிலைவாசலில் குனியும் கேமரா

ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவு வீடு முன்னும் பின்னுமாக நீண்டு கிடக்கும், அகலம் கொஞ்சம்தான். திண்ணை, அதைத் தாண்டி ஒரு நிலைவாசல், உள்ளே தறி போட்ட கூடம். படவேட்டில் பார்த்த அப்படியொரு வீட்டை அளவு மாறாமல் முப்பரிமாணத்தில் கட்டி, அதற்குள் ஒருவர் நடந்து திரிகிற விளையாட்டு ஒன்றைச் செய்துவருகிறேன். என் மாதிரியில் கூடத்தின் அகலம் 10 அடி, அதாவது ஏறக்குறைய 3 மீட்டர். நடப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கேமராவுக்கு நான் கொடுத்திருக்கும் தூரமும் 3 மீட்டர். ஆள் சுவர் பக்கமாக முதுகைத் திருப்பினால் போதும், கேமரா பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். பரந்த மைதானத்தில் நடக்கும் விளையாட்டென்றால் இந்தச் சங்கடம் எப்போதாவது வரும். நெசவு வீட்டில் இதுதான் முழு வேலை.

இதற்கென்று விளையாட்டு எஞ்சின்களில் ஸ்பிரிங் ஆர்ம் என்று ஒன்று உண்டு. ஆளின் தோள் உயரத்திலிருந்து பின்னோக்கி நீளும் கண்ணுக்குத் தெரியாத கை அது. அதன் நுனியில் கேமரா. நான் பயன்படுத்தும் கோடோவில் அதன் பெயர் `SpringArm3D`. வழியில் சுவர் குறுக்கிட்டால் கை அந்த இடம்வரை சுருங்கும், சுவர் விலகினால் நீளும். பெயரில் ஸ்பிரிங் இருந்தாலும் அதற்குள் ஸ்பிரிங் எதுவும் இல்லை. சுருங்குவதும் நீள்வதும் ஒரே நொடிப்பில் நடந்து முடியும். அன்ரியலில் இருக்கும் ஸ்பிரிங் ஆர்மும் மோதலைப் பொறுத்தவரை அப்படித்தான். அங்கே உள்ள கேமரா லேக் மோதலைச் சோதிப்பதற்கு முன்பே கணக்கிடப்படுவதால், சுவரிலிருந்து மீளும் குதிப்பை அது ஆற்றாது. மென்மையாக மீள்வதை நாமேதான் எழுத வேண்டும்.

அதற்கு முன் கேமராவுக்கு ஓர் உடம்பு வேண்டும். 1996-ல் வந்த ‘சூப்பர் மரியோ 64’ விளையாட்டில், கேமராவை மேகத்தில் மிதந்துவரும் ஒரு பாத்திரம் தூக்கிப் பிடித்திருப்பதாகக் காட்டினார்கள். கேமரா இடத்தை அடைக்கும் ஒரு பொருள் என்று பார்ப்பவருக்குச் சொன்ன அழகான வழி அது. நமக்கு ஒரு கோளம் போதும், ஆனால் அதன் ஆரத்தைக் கணக்குப் போட்டே வைக்க வேண்டும். கேமரா வரையத் தொடங்கும் முன்தளம் கோடோவின் இயல்பு அமைப்பில் 5 செ.மீ. முன்னால் இருக்கிறது. பார்வைக் கோணம் 75 டிகிரி, திரை 16-க்கு 9 என்றால், அந்தத் தளத்தின் மூலை கேமராவிலிருந்து சுமார் 9.3 செ.மீ. தள்ளி விழும். கோளத்தின் ஆரம் அதைவிடக் குறைந்தால், சாய்வாகச் சுவரை ஒட்டும்போது திரையின் ஒரு மூலையில் சுவர் அறுபட்டு, அப்பால் இருக்கும் வெறுமை முக்கோணமாகத் தெரியும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க அந்த முக்கோணமே அடையாளம். நான் 15 செ.மீ. வைத்திருக்கிறேன்.

பெரிதாக வைத்தால் இன்னும் பத்திரம்தானே என்று தோன்றும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கோளம் புறப்படும் இடத்திலேயே ஒரு சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால், கோடோவின் நகர்வுச் சோதனை அந்தச் சுவரைக் கணக்கில் எடுக்காது; கை சுவரைத் துளைத்துக்கொண்டு முழு நீளத்துக்கும் போய்விடும். ஆள் சுவரை உரசி நடக்கும்போது மட்டும் கேமரா வெளியே பாய்ந்தால் காரணம் இதுதான். கை கிளம்பும் புள்ளி ஆளின் உடம்புக்கு நடுவில் இருக்க வேண்டும். கோளத்தின் ஆரம் ஆளின் மோதல் உருளையின் ஆரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். என் நெசவாளருக்கு உருளை 30 செ.மீ., கோளம் அதில் பாதி. தோளுக்கு மேலே ஒரு பக்கமாகத் தள்ளிப் பார்க்க ஆசைப்பட்டு கிளம்பும் புள்ளியையே நகர்த்தினால் இந்த ஏற்பாடு உடைந்துவிடும்.

இனி மீள்வது. நெருங்கும்போது கேமரா தாமதிக்கவே கூடாது. ஒரே ஒரு ஃபிரேம் சுவருக்குள் இருந்தாலும் கண் பிடித்துவிடும். விலகும்போது மட்டும் பொறுமை வேண்டும். இந்த இரண்டையும் ஒரே வேகத்தில் மென்மையாக்குபவர்கள் சுவருக்குள் ஊறிப்போகும் கேமராவைத்தான் பெறுவார்கள். விலகும் வேகத்துக்கு எல்லோரும் பயன்படுத்துவது, மிச்சத் தூரத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு ஃபிரேமிலும் கடக்கும் முறை. அது முடிவில் பஞ்சுபோல அடங்கும், உண்மை. ஆனால் அதன் உச்ச வேகம் முதல் கணத்திலேயே இருக்கிறது. 60 செ.மீ.-யிலிருந்து 3 மீட்டருக்குத் திரும்ப வேண்டிய கேமரா, வினாடிக்கு 4 என்ற விகிதத்தில், கிளம்பும்போதே வினாடிக்கு 9.6 மீட்டர் வேகத்தில் கிளம்பும். பார்ப்பவருக்கு முதுகில் யாரோ இழுத்ததுபோல் இருக்கும்.

இதே இடத்தில் விளையாடிப் பார்த்த ஒரு நெசவாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “நடக்கறது நானு, ஆடறது வூடா இருக்குதே தம்பி” என்றார். அதைவிடச் சரியாக அந்தக் குறையை யாரும் சொல்லிவிட முடியாது.

அதனால் நான் எடுத்துக்கொண்டது, சரியளவு தணிக்கப்பட்ட ஸ்பிரிங். அது நின்ற நிலையிலிருந்து மெல்ல வேகம் பிடித்து, மெல்ல அடங்கும்; குறியைத் தாண்டி ஆடாது. கேமராவை `SpringArm3D`-க்குக் குழந்தையாக வைக்காமல், அதன் பக்கத்தில் அதே பெற்றோரின் கீழ், மரத்தில் அதற்கு அடுத்து வைக்கிறேன். குழந்தையாக வைத்தால் கை தன் இஷ்டத்துக்கு அதை நகர்த்தும். தனியாக வைக்கும்போது கைக்கு `shape` ஆகக் கோளத்தை நாமே கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது வெறும் கோட்டை மட்டும் வீசிப் பார்க்கும். ஆளின் உடம்பையும் `add_excluded_object` மூலம் விலக்கிவிட வேண்டும்.

```gdscript
extends Camera3D
@onready var arm: SpringArm3D = $"../SpringArm3D"
var dist := 3.0
var speed := 0.0
var hold := 0.0
var w := 6.0

func _physics_process(delta):
    var room := arm.get_hit_length()
    if room < dist:
        dist = room
        speed = 0.0
        hold = 0.3
    elif hold > 0.0:
        hold -= delta
    else:
        speed += (w * w * (room - dist) - 2.0 * w * speed) * delta
        dist = minf(dist + speed * delta, room)
    position.z = dist
```

`w` 6 என்றால், அதே 2.4 மீட்டர் பயணத்தில் உச்ச வேகம் வினாடிக்கு 5.3 மீட்டர்தான், அதுவும் கிளம்பி ஆறில் ஒரு வினாடி கழித்துத்தான் வருகிறது. அரை வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் மிச்சம் இருக்கும், ஒரு வினாடியில் 2 சதவீதத்துக்கும் குறைவு. கடைசி `minf` முக்கியம்: நீளும் வழியில் அறையே சுருங்கினாலும் கேமரா சுவரைத் தாண்டாது. `hold` என்பது காத்திருப்பு. ஆள் சுவரோரம் சற்றே திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது, வழி திறக்கும் ஒவ்வொரு கணத்துக்கும் கேமரா ஓடி ஓடித் திரும்புவதை அந்த 0.3 வினாடி நிறுத்திவைக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் நிலைவாசல் அடங்கவில்லை. என் மாதிரி வீட்டில் நிலையின் மேல்கட்டை தரையிலிருந்து 180 செ.மீ. கை கிளம்பும் புள்ளி 150 செ.மீ. உயரம், கேமரா 15 டிகிரி மேலிருந்து பார்க்கிறது. கோளத்தின் ஆரத்தைக் கழித்தால் கைக்கு மேலேற மிஞ்சுவது 15 செ.மீ. அந்தச் சாய்வில் 56 செ.மீ. பின்னால் போவதற்குள் கை அந்த உயரத்தைத் தொட்டுவிடும். அதாவது ஆள் வாசலைக் கடந்து ஓர் எட்டு வைத்ததும் கை மேல்கட்டையில் முட்டும். 3 மீட்டர் பின்னால் தெருவில் இருந்த கேமரா ஒரே ஃபிரேமில் பிடரிக்கு வந்துவிடும். எவ்வளவு மென்மையான ஸ்பிரிங் வைத்தாலும் இதைத் தொடாது, ஏனென்றால் உள்நோக்கிய குதிப்பு இது. அதை மென்மையாக்கினால் சுவருக்குள் ஊறும்.

ஆகவே முட்டுவதற்கு முன்பே சுருங்க வேண்டும். திண்ணையை ஒட்டி ஒரு `Area3D` வைத்திருக்கிறேன். ஆள் அதற்குள் வந்ததும், வாசலை அடைவதற்குள், கையின் `spring_length` 3-லிருந்து 1.6-க்கும், கைக்கும் கேமராவுக்கும் பொதுவான பெற்றோரின் சாய்வு 15 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கும் மெல்ல இறங்குகின்றன. 5 டிகிரியில் 1.6 மீட்டர் நீளக் கை ஏறுவது 14 செ.மீ. மட்டுமே. ஆள் குனிந்து நுழைகிற அதே நிலைக்குக் கீழே கேமராவும் தலை தட்டாமல் வந்துவிடுகிறது. கேமராவும் நிலையைக் கடந்து கூடத்துக்குள் வந்த பிறகு நீளத்தையும் சாய்வையும் திருப்பிக் கொடுத்தால் போதும், ஸ்பிரிங் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வாசலின் அகலம் 80 செ.மீ. என்பதால், குறுக்காகச் சாய்ந்து நுழைபவர்களுக்குப் பக்க நிலை இன்னும் ஒரு சின்ன உதறல் கொடுக்கிறது. அதற்கு வாசலில் மட்டும் கேமராவை நேர்ப்படுத்தலாம். ஆனால் விளையாடுபவரின் கையிலிருந்து பார்வையைப் பிடுங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. உதறலோடு விட்டிருக்கிறேன்.

எது சுவர் என்று தீர்மானிப்பதும் இந்த வேலையில் பாதி. கூடத்துக்கு நடுவில் பாவு நூல் விரிந்து கிடக்கிறது, தறிக்கால்கள் நிற்கின்றன, மேலே ஜக்கார்டு பெட்டி. இவை ஆளைத் தடுக்க வேண்டும். கேமராவைத் தடுக்கத் தேவையில்லை. பட்டு நூலில் கேமரா மோதித் திரும்புவதைப் பார்க்கச் சகிக்காது. அதனால் சுவரும் கூரையும் மோதல் அடுக்கு 1-ல், தறிச் சாமான்கள் எல்லாம் 2-ல். கையின் `collision_mask` இயல்பிலேயே 1 மட்டும்தான். ஆளின் `collision_mask`-ல் இரண்டும் இருக்கும்.

விளையாட்டின் இன்னொரு பகுதி கோயில் மண்டபம். சம்புவராயர் தலைநகராக இருந்த படவேட்டில் மண்டபத்துக்குப் பஞ்சமில்லை, ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி மாதக் கூட்டத்தோடு நடந்தவர்களுக்குத் தூண்கள் எப்படிக் கண்ணை மறைத்து மறைத்துத் திறக்கும் என்று தெரியும். தூண்களைச் சுவராகக் கொண்டால் ஒவ்வொரு தூணுக்கும் கேமரா உள்ளே பாய்ந்து வெளியே வரும். தூணுக்குத் தூண் 2.4 மீட்டர், நடை வினாடிக்கு 1.4 மீட்டர் என்றால் 1.7 வினாடிக்கு ஒரு தடவை. காத்திருப்பு நேரத்தை அதற்கு ஈடாக நீட்டினால் மண்டபம் முழுக்கக் கேமரா பிடரியிலேயே குடியிருக்கும். தூண்களையும் அடுக்கு 2-க்கு அனுப்பிவிட்டேன். தூண் ஆளைக் கண நேரம் மறைக்கட்டும், நேரில் நடந்தாலும் அப்படித்தானே மறைக்கிறது. கேமராவே தூணுக்குள் நுழைகிற சமயத்துக்கு மட்டும், தூணின் மெட்டீரியலில் `distance_fade_mode`-ஐப் பிக்ஸல் டிதருக்கு மாற்றி, 1.2 மீட்டரில் கரையத் தொடங்கி 30 செ.மீ.-யில் இல்லாமல் போகும்படி வைத்தேன். இரண்டு அடி தடிமனான தூண்களுக்கு இது ஒத்துவராது. அவை உள்ளே வெறும் கூடு என்பது தெரிந்துவிடும். அவற்றைச் சுவராகவே வைத்திருக்கிறேன்.

ஸ்பிரிங் ஆர்ம் கைவிடும் ஓர் இடம் குழித்தறி. நெசவாளர் குழியில் காலை விட்டு, மிதிமேல் பாதம் வைத்து உட்காரும்போது அவருக்குப் பின்னால் சுவர் அரை மீட்டரில் இருக்கிறது. கை 35 செ.மீ.-க்குச் சுருங்கி, திரை முழுவதும் பிடரியாக நிற்கும். ஆளை மங்கவைத்துத் தப்பிக்கலாம், 50 செ.மீ.-க்குக் கீழே நானும் மற்ற இடங்களில் அப்படித்தான் செய்கிறேன். தறியில் அது வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியவை நாடா ஓடும் கையும் விழுதின் ஏற்ற இறக்கமும். ஆள் உட்கார்ந்ததும் கையின் கணக்கை நிறுத்திவிட்டு, தறிக்குப் பக்கவாட்டில், பாவுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் அசையாத கேமரா ஒன்றுக்கு மாறுகிறேன். எழுந்திருக்கும்போது `dist`-ஐ 0.35 என்றும் `speed`-ஐப் பூஜ்யம் என்றும் வைத்துக் கையை மறுபடி இயக்குகிறேன். அப்போது அவர் கூடத்தின் நடுவுக்கு வர வர, கேமராவும் அவர் முதுகிலிருந்து மெல்லப் பின்வாங்கி வழக்கமான தூரத்துக்கு வந்துவிடும்.