நான் நீக்கிய பதிவும் அவள் எழுதிய பத்து வரியும்

போன வாரம் நான் ஒரு பதிவு போட்டு, இரண்டே மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். "ஐயா, வாழ்த்துச் சொல்லலாம்னு வந்தா பதிவையே காணோமே" என்று பலர் கேட்டிருந்தீர்கள். காரணம் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் தமிழ் படித்த பெண் ஒருத்தி வழக்கறிஞர் ஆகியிருக்கிறாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேறிவிட்டாள். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்தப் பதிவே.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கருப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு நீதிமன்ற வாசலில் அவள் எடுத்துக்கொண்ட படத்தைப் போட்டு, "என் மாணவி, குடும்ப வழக்குகளில் நிபுணர், ஏழைகளுக்கு முதல் ஆலோசனை இலவசம், தொடர்புக்கு" என்று கைபேசி எண்ணோடு எழுதினேன். "பகிருங்கள், பத்துப் பேருக்குப் பயன்படட்டும்" என்று ஒரு வரி வேறு.

ஒன்றரை மணி நேரத்தில் போன் வந்தது. "ஐயா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பதிவை எடுத்துடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. பெருமையாகச் சொன்னதில் என்ன பிழை? அன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்தாள். கையில் இரண்டு தாள். ஒன்றில் பார் கவுன்சில் விதி, இன்னொன்றில் தன் முகநூல் பக்கத்தில் போட அவளே எழுதி வைத்திருந்த அறிவிப்பு. "ஐயா, நீங்க கட்டுரை நோட்டைத் திருத்துற மாதிரி இதைத் திருத்திக் கொடுங்க. சீனியர் பாதியைத் திருத்திட்டார்" என்றாள்.

விதியை நான்கு முறை படித்தேன். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36ஆவது. வழக்கறிஞர் வேலை கேட்டு ஆள் பிடிக்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. நேராகவும் கூடாது, சுற்றி வளைத்தும் கூடாது. துண்டறிக்கை, விளம்பரம், தரகர் எல்லாமே தடை. தான் நடத்தும் வழக்கு சம்பந்தமாகப் பத்திரிகையில் எழுத வைப்பதும் படம் வரவழைப்பதும் தடை. பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். இன்ன சங்கத்தின் தலைவர், முன்னாள் நீதிபதி, இன்ன வகை வழக்கில் வல்லவர் என்று அதில் போடக் கூடாது. மீறினால் 1961ஆம் வருட வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவில் விசாரணை. கண்டிப்போடு விடலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து எடுக்கலாம்.

என் நான்கு வரியை இதோடு வைத்துப் பார்த்தேன். "நிபுணர்" தப்பு. "இலவசம்" ஆள் பிடிக்கும் தூண்டில். "பகிருங்கள்" வெளிப்படையான விளம்பரம். படம்? அங்கியையும் கழுத்துப்பட்டையையும் நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடத்தில் அணிவதற்கே தனியாகத் தடை இருக்கிறதாம். நூற்றுக்கு எவ்வளவு போடுவேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

"நான் வக்கீல் இல்லையே அம்மா, விதி என்னை எப்படிக் கட்டும்?" என்று கேட்டேன்.

"உங்களைக் கட்டாது ஐயா. என்னைக் கட்டும். நான் சொல்லித்தான் நீங்க போட்டீங்கன்னு ஒருத்தர் மனு கொடுத்தா, இல்லைன்னு நான்தான் நிரூபிச்சுட்டு நிக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை, விதி மேல். அப்பா பேரும் தாத்தா பேரும் இருக்கிற வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு விளம்பரம் எதற்கு? ஊருக்கே தெரியும். கூலி வேலை செய்தவர் மகள் வாயைத் திறக்கக் கூடாது என்றால் அவளை யார் தேடி வருவார்கள்? இதை அவளிடம் சொன்னேன். இப்போதும் அந்தக் கேள்வியை நான் விட்டுவிடவில்லை.

அவள் மறுக்கவில்லை. "அது உண்மைதான் ஐயா. ஆனா எங்கப்பா கதை உங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

தெரியும். அவள் எட்டாவது படிக்கும்போது வயல் பாதைத் தகராறில் அவள் அப்பா மேல் வழக்கு. நீதிமன்ற வாசல் டீக்கடையில் ஒருவர் தானாக வந்து பேசினார். "பதினஞ்சு நாள்ல தடை வாங்கித் தர்றோம், நம்ம வக்கீல் ஜெயிக்காத கேஸே இல்ல" என்றார். தவணையாகப் பதினெட்டாயிரம் கொடுத்தார் மனிதர். ரசீது இல்லை. வக்காலத்து தாக்கல் ஆகவே இல்லை. யாரும் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிட்டது. அதை நீக்கக் கேட்டு முப்பது நாளுக்குள் மனு போட வேண்டும். இவருக்குத் தெரிந்ததே பதினோரு மாதம் கழித்து. தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு, அதற்கு ஒரு செலவு, அதற்கு ஒரு வருடம். "ஜெயிக்காத கேஸே இல்லன்னு சொல்றவர் யாருன்னு நான் அன்னைக்கே பார்த்துட்டேன் ஐயா. அவர் இப்போ டீக்கடையில் இல்ல, போன்ல இருக்கார். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் இதைத்தான் தொட்டது. இணையத் தளங்கள் வழியாக வேலை பிடிக்கும் வழக்கறிஞர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதனால்தான் அவள் சீனியர் இவ்வளவு உஷார்.

அப்படியானால் எதுவுமே எழுதக் கூடாதா? எழுதலாம். 2008இல் அந்த 36ஆம் விதியில் ஒரு விலக்கு சேர்த்தார்கள். வழக்கறிஞர் தன் இணையப் பக்கத்தில் சில விவரங்கள் தரலாம். பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு நாள், எந்த மாநில பார் கவுன்சில், எந்தச் சங்க உறுப்பினர், படிப்பு, பணிபுரியும் பிரிவுகள். இவை உண்மை என்று ஓர் உறுதிமொழி. பலகையில் "வல்லவர்" என்று போடக் கூடாது, ஆனால் பக்கத்தில் "இன்ன பிரிவில் பணிபுரிகிறேன்" என்று போடலாம். தமிழாசிரியனுக்கு இந்த இடம் பிடித்தது. "குடும்ப வழக்கு நிபுணர்" என்பது தற்பெருமை. "குடும்பநலம்" என்பது தகவல். ஒரு சொல்லில் தொழில் போகலாம், நிற்கலாம்.

இரண்டு இடத்தில் இழுபறி. விலக்கு சொல்வது இணையதளத்தை. முகநூல் என்ற பேச்சே அதில் இல்லை. அந்தப் பட்டியலில் சந்திக்கும் நேரமும் இல்லை. சீனியர் சொன்ன வழி இது: பட்டியலைத் தாண்டி ஒரு சொல்கூடப் புகழ்ச்சி வேண்டாம். நேரம் போடுவதானால் கதவில் ஒட்டும் அட்டை மாதிரி வெறும் நேரமாக இருக்கட்டும். காசு கொடுத்து அந்தப் பதிவைப் பலர் கண்ணில் படச் செய்யக் கூடாது. யாரையும் பகிரச் சொல்லக் கூடாது. இதுவும் முழுப் பாதுகாப்பு என்று அவர் சொல்லவில்லை. யாராவது கேள்வி கேட்டால் கூச்சமில்லாமல் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும் என்றாராம்.

முதல் வரைவில் பணிப் பிரிவுகள் ஒன்பது இருந்தன. சிவில், கிரிமினல், குடும்பம், நுகர்வோர், விபத்து இழப்பீடு, தொழிலாளர், வரி, இன்னும் என்னென்னவோ. சீனியர் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இதில் எதில் நீ இதுவரை மனு எழுதியிருக்கிறாய்?" மூன்று மிஞ்சியது. உண்மை என்று கையெழுத்துப் போடுகிற இடத்தில் வரி வழக்கு என்று எப்படிப் போட முடியும்?

அடுத்தது நேரம். "24 மணி நேரமும்" என்று எழுதியிருந்தாள். அதை நான்தான் அடித்தேன். பகலெல்லாம் நீதிமன்றம், சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை சீனியர் அலுவலகம். எப்போது பார்ப்பாய் என்று கேட்டேன். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் போகும் முன் வந்து போகட்டும், மற்றவர்களுக்கு ஞாயிறு என்று முடிவானது. வழக்கு விவரத்தைப் பதிவின் கீழே எழுத வேண்டாம் என்ற வரி அவள் யோசனை. எதிர்த்தரப்பும் அதே ஊர்தானே, படிப்பார்கள்.

கடைசியில் நின்றது இவ்வளவு:

(பெயர்), பி.ஏ., எல்.எல்.பி., வழக்கறிஞர்
தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில்
பதிவு எண், பதிவு நாள்
உறுப்பினர்: (ஊர்) வழக்கறிஞர் சங்கம்
பணிபுரியும் பிரிவுகள்: சிவில், குடும்பநலம், நுகர்வோர்
அலுவலகம்: முகவரி, தொலைபேசி
சந்திக்கும் நேரம்: திங்கள் – வெள்ளி காலை 7.30 – 8.45, ஞாயிறு காலை 9 – 1
வரும் முன் தொலைபேசியில் உறுதி செய்துகொள்க.
வழக்கு விவரங்களைக் கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம்.
மேற்கண்ட விவரங்கள் உண்மையானவை.

அங்கி போட்ட படம் இல்லை. தராசுப் படம்கூட இல்லை. முப்பத்து மூன்று வருடம் கட்டுரை திருத்தியவன் நான், பெயரடையே இல்லாத ஒரு கட்டுரைக்கு முழு மதிப்பெண் போட்டது இதுதான் முதல் தடவை.

உள்பெட்டிக்கு வந்து பெயர் கேட்காதீர்கள். என்னை நேரில் தெரிந்தவர், அவசியம் இருந்து, தானாகக் கேட்டால் சொல்லுவேன். அது ஊர் வழக்கம். கையில் காசில்லாத பெண்கள் யாராவது இதைப் படித்தால், அவள் என்னிடம் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே கேளுங்கள். டீக்கடையில் தானாக வந்து பேசுகிறவரிடம் கேட்காதீர்கள். யாரிடம் போனாலும் வழக்கு எண் வாங்குங்கள், கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுத் திண்ணைக்குப் போயிருந்தேன். இரண்டடிப் பலகை, பெயரும் "வழக்கறிஞர்" என்ற சொல்லும் மட்டும். ஒன்பது மணிக்கு யாரும் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. நான் செய்தித்தாளை இரண்டாம் தடவை படித்தேன். அவள் ஏதோ தீர்ப்பைப் படிப்பதுபோல் தலை குனிந்திருந்தாள், ரொம்ப நேரமாகப் பக்கம் திரும்பவில்லை. பதினொன்றேகாலுக்கு ஒரு வயதான அம்மா மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். முகநூலெல்லாம் அவருக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பலகையைப் பார்த்தாராம்.

"உட்காருங்கம்மா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். கட்சிக்காரர் பேசும்போது மூன்றாம் ஆள் கூட இருக்கக் கூடாது. நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.