ரஜப் மாதத்துக் குறிப்பேடு

கணவனும் மனைவியும் ஆண்டுக்கு ஒருமுறை அமர்ந்து, சேமிப்பு, பயணம், உடல்நலம், பிள்ளைகள் ஆகியவற்றைப் பற்றிப் பேச ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று, நிக்காஹ் மஜ்லிஸ்களில் மணமக்களிடம் நான் சொல்வதுண்டு. எந்த நாள் என்று கேட்பவர்களுக்கு ரஜப் மாதத்தின் முதல் வாரம் என்பேன். ஜனவரி முதல் தேதியில் எடுக்கும் தீர்மானங்களுக்குக் கணக்கு எதுவும் அடிப்படையாக இருப்பதில்லை. ஜகாத் கடமையான வீட்டுக்கோ சந்திர ஆண்டின் கணக்கு எப்படியும் உண்டு. நம் பகுதியில் பெரும்பாலோர் அதை ரமளானில்தான் பார்க்கிறார்கள். ஆனால் ரமளான் இரவுகளில் தராவீஹும் ஸஹர் சமையலும் போக, அமர்ந்து பேச நேரம் ஏது? எட்டு வாரம் முன்னதாகவே உத்தேசக் கணக்கைப் போட்டுவிட்டால், ரமளானில் அதைச் சரிபார்த்துக் கொடுப்பது எளிது.

அந்த இரவில் முதலில் பேச வேண்டியது இலக்குகளை அல்ல, எது யாருடையது என்பதை. மார்க்கச் சட்டத்தில் கணவன் மனைவிக்குப் பொதுச் சொத்து என்று தானாக எதுவும் உருவாவதில்லை. மஹரும், தாய்வீட்டார் அவளுக்கென்று கொடுத்த நகையும், அவள் தைத்துச் சம்பாதித்த பணமும் அவளுக்கே உரியவை. அவற்றின் ஜகாத்தும் அவள்மீதே கடமை. கணவன் கொடுக்க விரும்பினால் அவளுடைய அனுமதியோடு கொடுக்கலாம். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் "நம்ம சேமிப்பு" என்று பேச்சைத் தொடங்குகிற வீடுகளில், பெரும்பாலும் மனைவியின் நகையே கணக்கில்லாமல் கரைகிறது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தம்பதியர் என்னிடம் ஜகாத் கணக்குப் பார்க்க வந்தார்கள். கணவர் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். அவ்வாண்டு இருவருமாக உம்ரா செல்ல வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். அந்தச் சகோதரியிடம் 10 பவுன் நகையும், கையிருப்பாக 18,000 ரூபாயும் இருந்தன. "ஹஜ்ரத், பதினொரு பவுனுக்குக் குறைவா இருந்தா ஜகாத் இல்லைதானே?" என்று கணவர் கேட்டார். நம் ஊரில் பரவலாக உள்ள எண்ணம் இது. தங்கத்தின் நிஸாப் 87.48 கிராம், அதாவது ஏறத்தாழ 11 பவுன். தங்கம் மட்டுமே இருக்கும்போதுதான் இந்த அளவு பொருந்தும். கூடவே ரொக்கமும் இருந்தால், ஹனஃபி மத்ஹபில் இரண்டின் மதிப்பையும் சேர்த்து, 612.36 கிராம் வெள்ளியின் விலையோடு ஒப்பிட வேண்டும். அதைவிட இது பல மடங்கு அதிகம். ஆகவே நாற்பதில் ஒரு பங்காக, 80 கிராம் தங்கத்துக்கு 2 கிராமின் விலையும், ரொக்கத்துக்கு 450 ரூபாயும் அவர் கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பத்திலிருந்து வந்த பெண்ணாக இருந்தால், வழக்கமான அளவில் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை என்ற சட்டம் அவருக்குண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் சம்பந்தம் செய்த ராவுத்தர் வீடுகளில் இதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்கு இதோடு முடிந்திருக்கும். அந்தச் சகோதரிதான் மெல்லிய குரலில், "இவுக கடைக்குக் கொடுத்த ஆறு பவுனையும் சேர்க்கணுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். கணவர் திகைத்துப் போனார். கடை தொடங்கும்போது அவர் அந்த நகையை வாங்கி விற்று முன்பணம் கட்டியிருந்தார். குடும்பத்துக்காகக் கொடுத்ததாகவே அவர் நினைத்திருந்தார். கடனாகக் கொடுத்ததாக அவர் மனைவி நினைத்திருந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த இடத்தில் சட்டம் மிக நுட்பமாகப் பிரிகிறது. அன்பளிப்பு என்றால், கணவன் மனைவிக்கிடையே கொடுத்து முடித்ததைத் திரும்பக் கேட்க ஹனஃபி மத்ஹபில் இடமில்லை. கடன் என்றால், எதைக் கடனாகக் கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். தங்கத்தையே கடனாகக் கொடுத்திருந்தால் அதே எடைத் தங்கம் திரும்ப வர வேண்டும். அவருக்காக விற்று, அந்தப் பணத்தைக் கடனாக வாங்கியிருந்தால் அன்றைய ரூபாய்தான் கடன். தங்கம் விலையேறிய வேகத்தில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சிறியதன்று. சூரா பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. கணவன் மனைவிக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கொடுக்கும்போது சொன்ன சொற்களை இருவரும் நினைவுகூரட்டும் என்று சொல்லி, தேநீர் வரவழைத்தேன். வெகுநேரம் கழித்து அவர், "பிறகு பார்த்துத் தர்றேன்னு நான் சொன்னது ஞாபகம் இருக்கு" என்றார். கையில் வாங்கியது நகை, தருவதாகச் சொன்னதும் நகை. ஆகவே 48 கிராம் தங்கம் கடன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி, தேதியிட்டு, இருவரும் கையொப்பமிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு பவுன் என்று தவணை முடிவாயிற்று. அவருடைய கடைச் சரக்கின் ஜகாத் கணக்கில் கடன் கழியும். திரும்பக் கிடைக்கும் தங்கத்துக்கு, கடந்துபோன ஆண்டுகளுக்கும் சேர்த்து அந்தச் சகோதரி ஜகாத் கொடுக்க வேண்டும். இதையும் எழுதிக்கொண்டார்கள்.

அதன்பின் பயணப் பேச்சு தானாகவே உருமாறியது. உம்ராவுக்கென்று கணவர் சேர்த்திருந்த தொகையிலிருந்துதான் முதல் தவணை போக வேண்டும். "நான் கேட்டா கொடுக்கணும், நான் பொறுத்துக்கிட்டா போகலாம், அப்படித்தானே ஹஜ்ரத்?" என்று அந்தச் சகோதரி கேட்டார். ஆம் என்றேன். முடிவு அவருடைய கைக்கு வந்துவிட்டது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. பயணத்துக்கென்று ஒதுக்கிய பணமும் ஜகாத் நாளன்று கையில் இருந்தால் கணக்கில் சேரும் என்பதை மட்டும் நான் நினைவூட்டினேன். கட்டணமாகச் செலுத்தி, திரும்பி வராத தொகை சேராது.

உடல்நலத்துக்கு ரஜபே தக்க காலம் என்பதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பார்த்து, நோன்பு நோற்கலாமா, மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றலாமா என்பதை அவர் முடிவுசெய்ய அவகாசம் வேண்டும். பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாதவிடாயிலும் பிரசவத்திலும் விடுபட்ட நோன்புகள் எத்தனை மீதம் என்று கணவன் கேட்பதே இல்லை. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தம் களா நோன்புகளை ஷஅபானில் நோற்றார்கள் என்று ஸஹீஹான ஹதீஸில் வருகிறது. எண்ணிக்கை தெரிந்தால், அந்த நாள்களில் சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசலாம். மேலூர்ச் சகோதரிக்கு ஒன்பது நோன்பு மீதமிருந்தது. கணவருக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த பிள்ளையைப் பற்றிய பேச்சை என் முன்னால் வைக்க அவர்கள் கூசினார்கள். அது சரியானதே. ஆயினும் பகரா 233ஆம் வசனம், இரண்டு ஆண்டுக்கு முன்பே பால்குடியை நிறுத்துவதற்குக்கூட இருவரின் சம்மதமும் ஆலோசனையும் வேண்டும் என்கிறது. கருத்தரிக்காமல் இருக்க அஸ்ல் செய்வதற்கு மனைவியின் இசைவு தேவை என்று நம் ஃபிக்ஹு நூல்கள் எழுதியிருக்கின்றன. இதைச் சொல்லிவிட்டு நான் எழுந்துகொண்டேன்.

மறு ரஜபில் அதே குறிப்பேட்டோடு வந்தார்கள். அந்தச் சகோதரி பொறுத்துக்கொள்ளவில்லை, முதல் பவுனை வாங்கிக்கொண்டிருந்தார். உம்ராவின் கீழே "அடுத்த ஆண்டு" என்று கணவரின் கையெழுத்தில் இருந்தது. கடன் 40 கிராம் என்று எழுதி, இருவரும் மறுபடி கையொப்பமிட்டார்கள்.