சுண்ணாம்பு நீரும் மேசைக் கோப்பும்



மலேசிய அரசு ஊழியர் ஒவ்வொருவரின் மேசையிலும் இருக்க வேண்டிய கோப்பு ஒன்று உண்டு. ‘ஃபைல் மேஜா’ என்று மலாயில் அழைக்கப்படும் அதனை நாம் மேசைக் கோப்பு என்போம். 1991ஆம் ஆண்டு வெளிவந்த பொது நிர்வாக மேம்பாட்டுச் சுற்றறிக்கை எண் 8, துறை முழுமைக்கும் பணிநடைமுறைக் கையேட்டையும், தனி ஊழியருக்கு மேசைக் கோப்பையும் வகுத்துத் தந்தது. 2018ஆம் ஆண்டின் நான்காம் சுற்றறிக்கையில் ‘மைபோர்ட்ஃபோலியோ’ என்ற புதிய வடிவம் வந்தது. பெயர் எதுவாயினும் நோக்கம் ஒன்றுதான்: இன்று இந்த நாற்காலியில் இருப்பவர் நாளை இல்லாமற் போனாலும், புதிதாக வருபவர் அவ்வேலையைத் தடையின்றிச் செய்ய வேண்டும்.

என் கோப்பும் தடிமனாகத்தான் இருந்தது. கட்டமைப்பு விளக்கப்படம், கடமைப் பட்டியல், அம்புக்குறிகள் இட்ட பணி ஓட்டப்படம், சரிபார்ப்புப் பட்டியல் என எதற்கும் குறைவில்லை. மேற்பார்வைக்கு வந்தவர்கள் புரட்டிப் பார்த்துக் கையொப்பமிட்டுச் சென்றார்கள். அந்தக் கோப்பை நம்பி ஓர் இளம் ஆசிரியை வேலை செய்த நாளில்தான் அதன் உண்மை நிலை எனக்குத் தெரிந்தது.

லூமுட்டில் நான் பணியாற்றும் பள்ளியின் அறிவியல் அறைக்கு நானே பொறுப்பு. ஒரு முறை இரண்டு வார காலம் நான் பயிற்சிக்குச் செல்ல நேர்ந்தது. என் இடத்திற்குத் தற்காலிக ஆசிரியை ஒருவர் வந்தார். நான்காம் ஆண்டில் சுவாசம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நாம் வெளிவிடும் காற்றில் கரிவளி மிகுந்திருப்பதைக் காட்ட, தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் உறிஞ்சுகுழலால் ஊதச் செய்வோம். நீர் பால்போல் வெளுக்கும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த சோதனை அது. அந்த நீரைத் தயாரிக்கும் முறையை நான் எழுதி வைத்திருந்தேன். அது இவ்வளவுதான்:

1. சுண்ணாம்புத் தூளை நீரில் கலக்கவும்.
2. நன்கு குலுக்கவும்.
3. வடிகட்டிப் பயன்படுத்தவும்.

நான் திரும்பி வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. “சார், நீங்கள் எழுதியபடியேதான் செய்தேன். ஊதுவதற்கு முன்பே தண்ணீர் வெள்ளையாக இருந்தது. ‘டீச்சர், இது ஏற்கெனவே பாலாகிவிட்டதே’ என்று பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கைராசி இல்லை போலும்” என்றார்.

என் மனத்தில் முதலில் எழுந்த எண்ணம், ‘இவ்வளவு எளிய வேலையைக் கூடச் செய்ய முடியவில்லையா?’ என்பதே. அதை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன். எந்த நேரத்தில் கலக்கினீர்கள் என்று கேட்டேன். காலையில் வந்ததும் கலக்கி, குலுக்கி, துணியில் வடித்து, அடுத்த பாடவேளையிலேயே பயன்படுத்தியதாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எப்போதும் வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்புமுன் கலக்கி வைப்பேன். திங்கட்கிழமை வரும்போது தூள் அடியில் படிந்து, மேலே நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ‘ஓரிரவு அசையாமல் வைக்கவும்’ என்ற வரி என் தாளில் இல்லை. எழுத மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வார இறுதி அதனைத் தானே செய்து முடித்ததால், அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மாலை ஓர் ஏற்பாடு செய்தேன். அவர் என் தாளைப் படித்து முதலிலிருந்து செய்ய வேண்டும். நான் பின்னால் அமர்ந்து வாய் திறவாமல் பார்க்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ, எங்கே என்னைத் திரும்பிப் பார்க்கிறாரோ அதைக் குறித்துக்கொள்வேன். சொல்லிக்கொடுக்காமல் இருப்பது ஆசிரியருக்கு எவ்வளவு கடினம் என்பதை அன்று அறிந்தேன்.

முதல் வரியிலேயே நின்றார். அலமாரியில் இரண்டு போத்தல்கள் இருந்தன. இரண்டிலும் வெள்ளைத் தூள். ஒன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. மற்றொன்று கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் தூள். இரண்டாவது நீரில் கரைவதே அரிது. அதில் எவ்வளவு ஊதினாலும் நாம் தேடும் மாற்றம் தெரியாது. ‘சுண்ணாம்புத் தூள்’ என்ற என் சொல் இரண்டுக்கும் பொருந்தியது. நம் நாட்டில் குழப்பம் இன்னும் கூடுதல். மலாயில் ‘காப்பூர்’ என்றால் வெற்றிலைச் சுண்ணாம்பும் உண்டு, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியும் உண்டு. கடைக்கு ஆளனுப்பினால் எது வரும் என்று சொல்ல முடியாது. சுடப்பட்ட கல் சுண்ணாம்பு வந்துவிட்டாலோ ஆபத்து. நீர் பட்டதும் அது கொதித்துத் தெறிக்கும்.

இரண்டாவதாக, எவ்வளவு தூள் என்று தயங்கினார். நான் அளவே எழுதவில்லை. அவர் நிறுத்துப் பார்க்க எடைத்தராசைத் தேடலானார். உண்மையில் இங்கே துல்லியம் தேவையில்லை. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒன்றரை கிராம் சுண்ணாம்பைத்தான் கரைத்துக்கொள்ளும். மிகுந்தது அடியில் தங்கிவிடும். ஆகவே ஒரு தேக்கரண்டி போட்டாலும் இரண்டு போட்டாலும் மேலே கிடைக்கும் நீர் ஒன்றே. ஆனால் இதை எழுதாவிட்டால், கவனமுள்ள ஒருவர் தராசுக்காக அரைமணி நேரம் இழப்பார்; கவனமற்றவர் ஒரு சிட்டிகை மட்டும் போட்டு வலுவற்ற நீரைப் பெறுவார். எங்கே துல்லியம் வேண்டும், எங்கே வேண்டாம் என்பதையும் நடைமுறைத் தாள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, எல்லாம் முடிந்த பின் போத்தலைக் கையில் ஏந்தி, “இது சரியாக வந்திருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும் சார்?” என்று கேட்டார். நான் வாய் திறக்கக் கூடாதென்ற விதியையும் மறந்து, “பார்த்தால் தெரியும்” என்றேன். யாருக்குத் தெரியும்? பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்தவனுக்குத் தெரியும்.

இந்த மூன்றாம் கேள்விக்கு விடை கிடைத்தது பள்ளிக்கு வெளியே. லூமுட் கடற்படைத் தளம் உள்ள ஊர். எங்கள் மாணவர் ஒருவரின் தாத்தா கப்பல் பொறியறையில் பல்லாண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் நாளன்று அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “வாத்தியாரே, ‘வால்வைத் திற’ என்று மட்டும் எழுதினால் போதாது. திறந்தால் முள் எந்த எண்ணுக்கு வர வேண்டும், வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் புதுப்பையன் திறந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்” என்றார். செயலோடு அதன் அடையாளத்தையும் எழுத வேண்டும் என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன்.

அதன்பின் நானும் அந்த ஆசிரியையும் சேர்ந்து எழுதிய தாள் இது:

தெளிந்த சுண்ணாம்பு நீர் தயாரித்தல்
பாடத்திற்கு முந்தைய நாளே தொடங்கவும். கண்ணாடிக் கவசம் அணியவும். இந்நீர் கண்ணையும் வாயையும் அரிக்கும்.

1. இரண்டாம் தட்டில் ‘கால்சியம் ஹைட்ராக்சைடு, Ca(OH)₂’ என்ற ஒட்டுத்தாள் உள்ள போத்தலை எடுக்கவும். வேறு எந்த வெள்ளைத் தூளையும், கடையில் வாங்கிய சுண்ணாம்பையும் பயன்படுத்தக் கூடாது.
2. ஒரு லிட்டர் போத்தலில் கொதித்து ஆறிய நீரைக் கழுத்துவரை நிரப்பவும்.
3. ஒரு தேக்கரண்டித் தூளைப் போடவும். சற்று மிகுந்தாலும் கேடில்லை, குறையக் கூடாது.
4. மூடியை இறுக மூடி ஒரு நிமிடம் குலுக்கவும். நீர் பால்போல் இருக்கும், அதுவே சரி.
5. ஓரிரவு அசைக்காமல் வைக்கவும். காலையில் அடியில் வெள்ளைப் படிவும் மேலே தெளிந்த நீரும் இருக்க வேண்டும். அடியில் படிவு இல்லையெனில் தூள் போதவில்லை. மூன்றாம் படிக்குத் திரும்பவும்.
6. மீண்டும் குலுக்காமல், மேல்நீரை மட்டும் மெல்லச் சாய்த்து வடிதாள் வழியே சிறு போத்தல்களில் நிரப்பவும். போத்தலின் பின்னால் அச்செழுத்தை வைத்துப் பார்க்கவும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும்.
7. ஒரு சோதனைக்குழாயில் இரு விரல் உயரம் ஊற்றி, உறிஞ்சுகுழலால் மெல்ல ஊதவும், உறிஞ்சக் கூடாது. ஒரு நிமிடத்திற்குள் வெளுக்காவிட்டால் அந்நீரை வகுப்பிற்குக் கொண்டு செல்ல வேண்டாம்.
8. மூடியில் தயாரித்த தேதியை எழுதவும். நீரின் மேல் வெள்ளை ஆடை படிந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். ஏழாம் படியை மீண்டும் செய்து பார்த்த பின்னரே பயன்படுத்தவும்.

மூன்று வரிகள் எட்டாகிவிட்டன. ஆனால் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் தயங்கிய இடத்தில் பிறந்தது. யாரும் தயங்காத இடத்தில் நாங்கள் எதையும் சேர்க்கவில்லை. போத்தலை எப்படிக் கழுவுவது, மூடியை எந்தப் பக்கம் திருப்புவது என்றெல்லாம் எழுதியிருந்தால் அத்தாளை எவரும் படித்திருக்க மாட்டார்கள்.

பின்னர் இத்தாளை, அறிவியல் கற்பித்திராத இசைக்கல்வி ஆசிரியரிடம் கொடுத்தோம். அவர் எட்டுப் படிகளையும் முடித்துத் தெளிந்த நீரைக் கொண்டு வந்தார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடுமாறினார்: ‘இரண்டாம் தட்டு’ என்பது மேலிருந்தா, கீழிருந்தா என்று. ‘மேலிருந்து’ என்று சேர்த்தோம்.

அந்த இளம் ஆசிரியை இப்போது வேறொரு பள்ளியில் இருக்கிறார். அவர் எங்கள் பள்ளியில் இருந்த கடைசி வாரத்தில், அதே நான்காம் ஆண்டு வகுப்பில் அதே சோதனையை மறுபடியும் செய்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். முன்பு சிரித்த பையன்தான் முதலில் ஊதினான். நீர் வெளுத்தது. “டீச்சர், இப்போதுதான் பாலானது!” என்று அவன் கத்தினான். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை; பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

என் பழைய தாளை நான் எறியவில்லை. மேசைக் கோப்பில் புதிய தாளுக்குப் பின்னால் அதுவும் இருக்கிறது. அடுத்த நடைமுறையை எழுத அமரும்போதெல்லாம் அந்த மூன்று வரிகளை முதலில் ஒரு முறை படித்துக்கொள்கிறேன்.