தூக்கத்தில் தளரும் கால்

தூங்கும்போது மட்டும் தம்பியின் கால்கள் எல்லோருடைய கால்களையும் போல இருக்கும். பகலில் நுனிவிரலில் ஊன்றி, முட்டிகள் உரச, கத்தரிக்கோல் மாதிரி பின்னிப் பின்னி நடக்கிற கால்கள்தான் அவை. அவன் அசந்த பிறகு அம்மா பாதத்தைக் கையில் ஏந்தி மெல்ல மேலே தள்ளுவாள். குதிகால் இறங்கி, பாதம் சாதாரணமாக மடங்கும். "பாருடி, நல்லாத்தானே இருக்கு" என்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே விழித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அவன் முப்பதாவது வாரத்தில் பிறந்தவன். செரிபிரல் பால்ஸி என்று இரண்டு வயது கழித்துத்தான் சொன்னார்கள். கையெல்லாம் நன்றாக இருக்கிறதே, கேரம்போர்டில் என்னையே தோற்கடிக்கிறானே, மூளையில் அடி என்றால் கால் மட்டும் எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. கல்லூரி நாட்களில் ஒருமுறை அவனுடைய நரம்பியல் டாக்டரிடமே கேட்டேன். ஒரு காகிதத்தில் மூளையை வரைந்து, நடுவில் நீர் நிறைந்த இரண்டு அறைகளைக் காட்டினார். மூளையின் மேற்பரப்பிலிருந்து உடம்புக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகள் அந்த அறைகளை ஒட்டித்தான் இறங்குகின்றன. சுவரை உரசிக்கொண்டு போவது காலுக்கான இழைகள். கைக்கும் முகத்துக்கும் போகிறவை சற்றுத் தள்ளிப் போகின்றன. குறைமாதத்தில் ரத்த ஓட்டம் தடுமாறினால் முதலில் வாடுவது அந்தச் சுவரோர இடம். "காயம் கொஞ்சம் அகலமா இருந்திருந்தா கையையும் தொட்டிருக்கும்மா" என்றார்.

பதினோரு வயதில் அவன் மளமளவென்று வளர்ந்தான். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை பேன்ட் மாற்ற வேண்டியிருந்தது. அதே வருஷம் அடிக்கடி விழ ஆரம்பித்தான். பள்ளிக்கூட வேனின் படி ஏற முடியவில்லை. மூளையில் இருப்பது பரவுகிறது என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார்.

மறுபடியும் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். காயம் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. "படம் மாறலை சார். பையன் வளர்ந்திருக்கான்" என்றார்.

பிறகு அவனைப் படுக்கவைத்துப் பாதத்தை வெடுக்கென்று மேலே தள்ளினார். பாதி வழியில் தாழ்ப்பாள் விழுந்த மாதிரி நின்றது. அதையே மெதுவாகத் தள்ளியபோது இன்னும் கொஞ்சம் போய் நின்றது. தசையை இழுத்தால் அது தானாகச் சுருங்கும், எல்லோருக்கும் அப்படித்தான். அந்தச் சுருக்கத்தை அடக்கிவைக்கும் கட்டளையும் மூளையிலிருந்துதான் வருகிறது. அது சரியாக வராததால் வேகமாக இழுத்தால் பிடித்துக்கொள்கிறது. மெதுவாக இழுத்தால், தூங்கினால் தளர்கிறது. ஆனால் எந்நேரமும் இறுகியே கிடக்கும் தசை எலும்பின் நீளத்துக்கு ஈடுகொடுத்து வளர்வதில்லை. எலும்பு ஓடுகிறது, தசை பின்தங்குகிறது. கெண்டைக்கால் சதை நிஜமாகவே குட்டையாகிவிடுகிறது.

"அப்போ தூங்கும்போதும் வராதா?" என்று அம்மா கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள்ளேயே, "கொஞ்ச நாளாவே வரலை டாக்டர்" என்றாள். எங்களிடம் அவள் சொல்லாமல் வைத்திருந்தது அது. வெறும் இறுக்கம் தூக்கத்தில் விட்டுவிடும், குட்டையான தசை தூக்கத்திலும் விடாது என்று அவர் விளக்கினார்.

இன்னும் ஒன்றும் விசாரித்தார். காலையில் நன்றாக நடந்து சாயங்காலம் மோசமாகிறானா? இல்லை என்றோம். அப்படி இருந்தால் இது வேறு நோயாக இருக்கலாம், சிலருக்கு மாத்திரையிலேயே தேறிவிடும், அதனால்தான் கேட்கிறேன் என்றார். ஸ்கேனில் காயம் தெரியாத பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் கேட்பாராம்.

மூளைக் காயத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. தசைக்கு இருந்தது. முட்டிக்குக் கீழே மாவுக்கட்டு போட்டு, வாரம் ஒருமுறை பிரித்து, பாதத்தை இன்னும் கொஞ்சம் மேலே வைத்து மறுபடி கட்டினார்கள். நாலு வாரம் ஆனது. குதிகால் தசைநாணை வெட்டி நீட்டும் ஆபரேஷனைப் பற்றி அப்பா கேட்டார். அளவுக்கு மேல் நீட்டிவிட்டால் முட்டி மடிந்து குந்தினாற்போல் நடப்பான், அதைத் திருத்துவது இதைவிடக் கஷ்டம், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று பார்க்க எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். அது இடத்தில்தான் இருந்தது.

இப்போது இரவில் பிளாஸ்டிக் பட்டை மாட்டித்தான் தூங்குகிறான். வேன் படியில் கம்பியைப் பிடித்து ஏறிவிடுகிறான். எலும்பு வளர்வது நிற்கும்வரை மறுபடி மறுபடி மாவுக்கட்டு வரலாம் என்று அப்பாவுக்கும் தெரியும். அவர் சாப்பிடுகிறார். பட்டையை மாட்டும் முன் அம்மா பாதத்தை ஏந்தி மெல்ல மேலே தள்ளிப் பார்க்கிறாள். "இன்னிக்கு வருதுடி" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கிறாள்.